மார்க்கு ஒரு மனிதரானால்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உடனிருக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. பருத்திப் போர்வைகளும் துண்டுகளும் நெய்து விற்கும் சங்கம் அது. அதன் சரக்கில் பெரும்பகுதி இதுகாறும் பெயரின்றியே மொத்த வியாபாரிகளிடம் சென்றது. அவர்கள் தத்தம் லேபிளை ஒட்டி விற்றுக்கொண்டனர். இனிச் சொந்த மார்க்கில் விற்பதெனச் சங்கம் தீர்மானித்துவிட்டது. லேபிள் அச்சிட முன்பணம் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியிருந்தது.

விளம்பர வேலை தெரிந்த ஒருவர் நகரத்திலிருந்து வந்து, மார்க்கின் ஆளுமை என்ற தலைப்பிட்டு ஒரு தாளைக் குழுவின் முன் வைத்தார். நம்பகமானது, தரமானது, பாரம்பரியம் உடையது, நவீனமானது, துடிப்பானது என ஐந்து சொற்கள் அதில் இருந்தன. குழுவினர் எவரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க அதில் என்ன இருக்கிறது? அப்பொழுது மூலையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, "தலைவரே, இந்த ஆள் நம் தெருவுக்கு வந்தால் எப்படி அடையாளம் கண்டுகொள்வது? இவர் ஆணா, பெண்ணா? என்ன வயது? வாங்கிய போர்வை சாயம் போயிற்றென்று திருப்பிக் கொண்டுபோனால் என்ன சொல்வார்?" என்று வினவினார். சிலர் நகைத்தனர். ஆயினும் அன்று அக்கூட்டத்தில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றே என்பது நம் அபிப்பிராயம். அக்கேள்விக்கு விடை காணும் வழியையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இன்று பிராண்டு எனப்படுவதை நம் கடைத்தெருவில் மார்க்கு என்றே நெடுநாள் வழங்கினர். அச்சொல்லையே இங்கும் கொள்வோம். ஒரு மார்க்கை மனிதராக உருவகித்துக் கூறுவது விளையாட்டன்று. வாங்குவோர் தாமறியாமலே அவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கின்றனர் என்பது பல்லாண்டுகளுக்கு முன்பே ஒரு சோதனையால் வெளிப்பட்ட செய்தி.

காப்பிப் பொடியும் சோம்பேறிப் பெண்ணும்

அமெரிக்க உளவியல் அறிஞர் மேசன் ஹேர் என்பவர் 1950-ஆம் ஆண்டில் அச்சோதனையை வெளியிட்டார். வெந்நீரில் கரைத்தால் உடனே காப்பியாகும் நெஸ்கபே பொடி அந்நாளில் கடைக்கு வந்திருந்தது. அதை ஏன் வாங்குவதில்லை என்று குடும்பப் பெண்களை நேரே கேட்டால், சுவை பிடிக்கவில்லை என்பதே பொதுவான விடை. ஹேர் அவ்விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கடைச் சாமான் பட்டியல்கள் இரண்டு தயாரித்தார். கொத்திறைச்சி, ரொட்டி, காரட், பேக்கிங் பவுடர், டப்பாவில் அடைத்த பீச் பழம், உருளைக்கிழங்கு ஆகியவை இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தன. வேறுபட்டது காப்பி ஒன்றே. ஒரு பட்டியலில் நெஸ்கபே. மற்றதில் வழக்கமாக வடிகட்டிப் போடும் மாக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித் தூள். ஐம்பது பெண்களிடம் முதற் பட்டியலையும் வேறு ஐம்பது பெண்களிடம் இரண்டாவதையும் கொடுத்து, இவற்றை வாங்கிவந்த பெண் எத்தகையவள் என்று எழுதித்தரும்படி மட்டும் அவர் கேட்டார்.

நெஸ்கபே பட்டியலைக் கண்டவர்களில் நூற்றுக்கு 48 பேர், அவள் சோம்பேறி என்று பொருள்பட எழுதினர். மற்றப் பட்டியலைக் கண்டவர்களில் அவ்வாறு எழுதியவர் நூற்றுக்கு நால்வரே. நல்ல மனைவியல்லள் என்று எழுதியவர்களும் முதற் குழுவில் இருந்தனர். இரண்டாவதில் ஒருவரும் இல்லை. சுவை என்று வாயால் சொன்னது ஒன்று, மனத்தில் இருந்தது வேறொன்று. அந்தப் பொடியை வாங்கினால் அக்கம்பக்கத்தார் தன்னை எவ்வாறு எண்ணுவர் என்ற அச்சமே தடையாக நின்றது.

இச்சோதனையை எடுத்தாள்பவர்கள் பலர் அதன் பின்கதையைக் கூறாமல் விட்டுவிடுகின்றனர். 1970-இல் வேறிருவர் அதையே மறுபடி செய்து பார்த்தபோது, அந்தப் பெரும் வேற்றுமை மறைந்திருந்தது. இருபதாண்டுகளில் உடனடிக் காப்பி எல்லா வீட்டிலும் புழங்கும் பொருளாகிவிட்டது. சோம்பேறிப் பெண்ணும் மறைந்துவிட்டாள். ஆகவே ஒரு மார்க்கின்மேல் மக்கள் ஏற்றிவைக்கும் குணம் கல்லில் பொறித்ததன்று. ஒருமுறை எழுதிப் பூட்டிவைத்துவிடக்கூடிய தாளாகவும் அதைக் கருதலாகாது.

மூன்று ஆட்கள்

ஹேரின் சோதனையில் தோன்றியவள் காப்பியை வாங்கும் பெண் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். காப்பிப் பொடியே உருவெடுத்து வந்தால் எப்படியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. மார்க்கை மனிதராக எழுதும்பொழுது நேரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சரக்கை வாங்குபவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர், மார்க்கு தானே ஒரு மனிதராய்ப் பேசினால் தோன்றுபவர் மூன்றாமவர். இம்மூவரையும் ஒரே தாளில் கலந்து எழுதினால், இளைஞராகவும் கிழவராகவும், நகரத்தவராகவும் கிராமத்தவராகவும் ஒரு விசித்திரப் பிறவி உருவாகும். நாம் கண்ட ஐந்து சொற்களில் "பாரம்பரியம்" நெசவாளரைக் குறித்தது. "துடிப்பு" அவர்கள் பிடிக்க விரும்பிய இளம் வாடிக்கைக்காரரைக் குறித்தது. மார்க்கைக் குறித்த சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

செய்பவரை முன்னிறுத்திய மார்க்குக்குச் சிறந்த உதாரணம் பயிரிடுவோரிடமிருந்தே கிடைக்கிறது. கொலம்பியா நாட்டுக் காப்பி விவசாயிகள் 1927-இல் தேசியக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். சட்டப்படி அது நம்முடையது போன்ற கூட்டுறவுச் சங்கம் அன்று. எனினும் சிறு விவசாயிகள் ஒன்றுகூடி விற்பனையைக் கவனிக்கும் ஸ்தாபனமே. அவர்களுடைய தொல்லையும் நம் போர்வைச் சங்கத்தின் தொல்லையும் ஒன்றே. அவர்கள் கொட்டை அமெரிக்க வறுவலாளர்களிடம் சென்று, வேறு நாட்டுக் கொட்டைகளோடு கலந்து, அவர்கள் டப்பாவில் அவர்கள் பெயரில் விற்கப்பட்டது. குடித்தவர் எவருக்கும் கொலம்பியா என்ற பெயர் தெரியாது. 1950-களின் பிற்பாதியில் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தபோது, பெயரில்லாச் சரக்கின் கஷ்டம் அவர்களுக்கு நன்றாகவே உறைத்தது.

அப்பொழுது நியூயார்க்கிலிருந்த டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிலையம் அவர்களுக்காக ஹுவான் வால்டெஸ் என்ற கற்பனை மனிதரை உருவாக்கிற்று. அகன்ற ஓலைத் தொப்பி, தோளில் மடித்த மேலாடை, அருகே மூட்டை சுமக்கும் கொஞ்சிட்டா என்ற கோவேறு கழுதை; இவையே அவருடைய அடையாளங்கள். அவர் பெருமை பேசுவதில்லை. உயர்ந்த மலைச்சரிவில் நிழல் மரங்களின் கீழே, பழுத்த பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் பறிக்கிறார். அதை நாம் பார்க்கிறோம். பழுக்காததை விட்டுவைத்து மறுபடி அதே செடிக்கு வரும் மனிதர் எத்தகையவர் என்று எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. பொறுமை என்ற சொல்லை அச்சிடாமலே பொறுமை விளங்கிவிடுகிறது. நாம் குணம் என்று எழுத வேண்டிய இடத்தில் செயலை எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

முதலில் அவ்வேடம் புனைந்தவர் ஹோசே டுவால் என்ற நடிகர். 1969 முதல் 2006 வரை கார்லோஸ் சாஞ்செஸ் என்பவர் அவ்வேடத்தில் தோன்றினார். அவர் தாமே காப்பி பயிரிட்டவர். அவருக்குப் பின் வந்தவரும் காப்பி விவசாயியே. ஆள் மாறியும் தொப்பி மாறவில்லை, கழுதை மாறவில்லை, பேச்சின் அடக்கம் மாறவில்லை. 1981-இல் அவருருவமும் கழுதையும் மலையும் அடங்கிய சின்னம் ஒன்றைக் கூட்டமைப்பு அமைத்து, முழுவதும் கொலம்பியக் கொட்டையாலான காப்பி டப்பாக்களில் பொறிக்க வறுவலாளர்களுக்கு அனுமதியளித்தது. பெயரில்லாக் கொட்டைக்குப் பெயர் வந்த வரலாறு இது. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. உலகச் சந்தையில் விலை விழுந்த காலங்களில் வால்டெஸ் நின்றாலும் விவசாயி தப்பவில்லை. முகம் ஒரு சரக்கைப் பிரித்தறிய உதவும்; சந்தையின் வெள்ளத்தை அணைபோட்டு நிறுத்தாது.

மூன்றாவது வகைக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. குஜராத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1946-இல் பதிவாயிற்று. அதன் மார்க்கு அமுல். வெண்ணெய்க்காக 1966-இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர நிலையம் ஒரு சிறுமியை வரைவித்தது. புள்ளிச் சட்டையும் நீலக் கூந்தலும் உடைய அச்சிறுமியை அறியாதார் இரார். அவள் பால் கறப்பவளல்லள்; கடையில் வெண்ணெய் வாங்குபவளுமல்லள். மார்க்கே ஒரு குழந்தையாகி வாய் திறந்தால் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசுகிறாள். அன்றாடச் செய்திகளைக் கிண்டல் செய்கிறாள். அரசியல்வாதி, கிரிக்கெட் வீரர், திரைப்பட நடிகர் என எவரையும் அவள் விடுவதில்லை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் பார்த்தும் கேலி பேசுவான், ராஜா கோபிக்கமாட்டார். அந்த உரிமை குழந்தை என்பதால் இவளுக்கும் வாய்த்திருக்கிறது.

மூலப்படிமங்கள் பற்றி

கட்டியங்காரன் என்றதும் வாசகர்களுக்கு ஓர் உருவம் சட்டென மனத்தில் எழுந்திருக்கும். வழிவழியாய்க் கதைகளில் வரும் இத்தகைய உருவங்களைச் சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் யுங், மூலப்படிமங்கள் என்று கூறினார்; பல நாட்டுக் கதைகளிலும் கனவுகளிலும் ஒரே வகை மாந்தர் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றனர் என்பது அவர் கருத்து. மார்கரெட் மார்க், கரோல் பியர்சன் என்ற இரு பெண்மணிகள் 2001-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மார்க்குகளுக்குப் பொருத்தி, பன்னிரண்டு உருவங்களை வகுத்தனர். வீரன், அரசன், ஞானி, விதூஷகன், பேணி வளர்ப்பவர், படைப்பாளி, எளிய மனிதர், கட்டுமீறுபவன் முதலியோர் அப்பன்னிருவரில் அடங்குவர்.

இதன் பயன் என்ன? குழுவிலுள்ள பதினொருவரும் வெவ்வேறாக எண்ணிக்கொண்டிருப்பதை ஒரு நாழிகையில் வெளிக்கொணரலாம். நாம் கண்ட சங்கத்தில் இதைச் செய்து பார்த்தனர். தலைவர் அரசனைத் தேர்ந்தார். லேபிளில் அரண்மனை வாயில் போட வேண்டுமென்பது அவர் ஆசை. காரியதரிசி படைப்பாளியைச் சொன்னார். பெண் அங்கத்தினர் இருவர் பேணி வளர்ப்பவரைத் தேர்ந்தனர். அரசன் என்றால் அவர் தரும் போர்வை இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்கு மட்டும் இருக்கலாமா, பள்ளி விடுதிப் பிள்ளைக்கு மலிவுப் போர்வை நெய்வாரா என்று ஒருவர் கேட்டார். சங்கத்தின் விற்பனையில் பெரும்பங்கு விடுதிகளுக்கே செல்வதால், அரசன் அப்பொழுதே அரியணையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று.

ஆனால் இப்பன்னிரண்டும் அளந்து கண்டவையல்ல. அளவுகோல் என்று இவற்றை எவரேனும் விற்றால் வாங்காதீர்கள். வால்டெஸ் எளிய மனிதரா, பேணி வளர்ப்பவரா? இருபுறமும் வாதாடலாம். சீட்டுக் கட்டைப்போல, பேச்சைத் தொடக்க இது உதவும். பேச்சை முடித்துவைக்க உதவாது. உருவத்தின் பெயரை எழுதியதோடு வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டால், நாட்டில் நூறு மார்க்குகள் பேணி வளர்ப்பவராகவே இருக்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது.

அளவிட முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜெனிபர் ஆக்கர் என்ற ஆய்வாளர் 1997-இல், அறுநூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் பல மார்க்குகளைக் காட்டி, மனித குணங்களைக் குறிக்கும் சொற்கள் அவற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்டார். விடைகள் நேர்மை, கிளர்ச்சி, திறமை, நயம், முரட்டுறுதி என ஐந்து தொகுதிகளாகச் சேர்ந்தன. பின்னர் 2001-இல் அவரும் துணைவர்களும் ஜப்பானில் ஆராய்ந்தபோது முரட்டுறுதி என்ற தொகுதி தோன்றவில்லை. அமைதி என்பது தோன்றிற்று. ஸ்பெயினில் உணர்ச்சி வேகம் என்ற ஒன்று வந்தது. ஒரு நாட்டில் செய்த சட்டத்தை மறுநாட்டுத் துணிக்கு வைத்தால் அளவு பிசகும் என்பதற்கு ஆய்வாளர்களே தந்த வாக்குமூலம் இது. நம் சங்கங்கள் அந்த ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

போர்வைக்குச் சோதனை

இனி, அந்தச் சங்கம் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்வோம். முதலில் தங்கள் சரக்கைப்பற்றி மக்கள் ஏற்கெனவே என்ன எண்ணுகின்றனர் என்று அறிய விரும்பினர். விற்பனை நிலையத்தில் கேட்டபோது, கைத்தறிப் போர்வை வாங்காமைக்கு "விலை கூடுதல்" என்ற ஒரே விடை வந்துகொண்டிருந்தது. ஆகவே ஹேரின் வழியைக் கைக்கொண்டனர். அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, குளியல் சோப்பு இரண்டு, கொசுவத்தி, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் ஆறு என்று ஒரு பட்டியல் எழுதி, ஒரு படியில் "கைத்தறிப் போர்வை 2" என்றும் மறு படியில் "மில் போர்வை 2" என்றும் சேர்த்தனர். பேருந்து நிலையத்தருகே இருபது பேரிடம் ஒன்றும், வேறு இருபது பேரிடம் மற்றதும் காட்டினர். சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மரியாதைக்காக நல்லதையே கூறியிருப்பர். பட்டியலைக் காட்டியவரும் நெசவாளரல்லர், உள்ளூர்க் கல்லூரி மாணவி.

கைத்தறிப் பட்டியலுக்கு வந்த விடைகளில், வீட்டில் பெரியவர்கள் உள்ள குடும்பம் என்பது பலமுறை வந்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, "துணி துவைக்க ஆள் வைத்திருப்பார்கள்" என்று பொருள்பட வந்த விடைகள். "வேலைக்குப் போகாதவள், நேரம் இருக்கிறவள்" என்றும் சிலர் எழுதினர். மில் போர்வைப் பட்டியலுக்கு இவ்வித விடை ஒன்றுகூட இல்லை. குழுவினர் சிறிது நேரம் பேசாமலிருந்தனர். பிறகு சாயப்பட்டறையை மேற்பார்க்கும் அங்கத்தினர், "கருஞ்சிவப்பும் கருநீலமும் முதல் சலவையில் சாயம் விடுகிறது. மற்றத் துணியோடு போட்டால் அதிலும் பிடிக்கிறது. தனியாக நனைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். அதைத்தான் சொல்கிறார்கள்" என்றார். விலை என்று வாயால் வந்தது. உள்ளே இருந்தது துவைக்கும் தொல்லை.

நாற்பது பேரிடம் கேட்டதைக் கொண்டு நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவது தவறு, அவர்களும் போடவில்லை. ஒரே சொல் அறிமுகமில்லாத பலர் வாயில் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை மட்டும் இத்தகைய சிறு சோதனை காட்டும். மேலும், இதில் தோன்றுபவர் வாங்குபவரே என்பதை மறவாமல், அவருக்கு உதவக்கூடிய ஆள் எத்தகையவராக இருக்க வேண்டும் என்று அடுத்த கேள்வியை எழுப்பினர். மார்க்கு என்ற மனிதர் அங்கேதான் உருவெடுக்கத் தொடங்கினார்.

பல மாலைகள் பேசி அவர்கள் எழுதியதன் சாரம் இது. மார்க்கு ஒரு பெண்; ஐம்பத்தைந்து வயது; உறவில் பெரியம்மா. கடைக்காரியல்லள், ஆனால் துணி அறிந்தவள். குறையை நீங்கள் கண்டுபிடிக்குமுன் தானே சொல்லிவிடுவாள்: "முதல் சலவையில் நாலு விரல் சுருங்கும், அதற்கென்றே நீளம் கூட்டி நெய்திருக்கிறது." அதிகம் பேசமாட்டாள். மில் துணியை ஏசமாட்டாள்; அவள் வீட்டிலும் மில் துணி உண்டு. கைத்தறியை வாங்கி நெசவாளரை வாழவையுங்கள் என்று இரக்கத்தை வேண்டமாட்டாள். கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பதற்குத்தான் மிகுந்த வாதம் நடந்தது. ஏனெனில் அவர்களுடைய பழைய விளம்பரத் தட்டிகளில் பாதி அந்த வேண்டுகோளையே தாங்கியிருந்தன. இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். பெரியம்மா சொன்னாள் என்று வாங்குபவர் மறுமுறையும் வருவார் என்று அப்பெண் அங்கத்தினர் இருவரும் வாதாடி வென்றனர்.

இவ்வாறு எழுதிய தாள் சரியானதா என்று பார்க்க அவர்கள் கைக்கொண்ட சோதனைகள் இரண்டு நமக்கு மிகவும் பிடித்தன. தாளிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாக்கிப் பார்த்து, அத்தலைகீழ்க் குணத்தை விரும்பும் நல்ல சங்கம் வேறொன்று இருக்கக்கூடுமா என்று கேட்டனர். தரமற்றது என்று பெயரெடுக்க எவர் விரும்புவார்? ஆகவே "தரமானது" என்ற சொல் எதையும் பிரித்துக் காட்டாது, அது நீங்கிற்று. "அதிகம் பேசமாட்டாள்" என்பதற்கு எதிரானது அமுல் சிறுமியின் வாயாடித்தனம். அதுவும் வெற்றி பெற்ற குணமே. எனவே இவ்வாக்கியம் உண்மையான தெரிவு, அது நின்றது.

மற்றது கடிதச் சோதனை. வாடிக்கைக்காரர் ஒருவர், போர்வையின் கரையில் ஓர் அங்குலம் நூல் பிரிந்திருந்ததாகக் கோபமாய் எழுதிய பழைய கடிதம் ஒன்றை எடுத்து, இரு அங்கத்தினர் தனித்தனி அறையில் அமர்ந்து பெரியம்மாவாக நின்று பதில் எழுதினர். இரு பதில்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த மனிதர் உண்மையில் உருவாகிவிட்டார். முதல் தடவை அவை ஒத்துவரவில்லை. ஒருவர் மூன்று பத்தி மன்னிப்புக் கேட்டிருந்தார். மற்றவர், கரையை ஊசிநூலால் எப்படித் தைப்பது என்று இரண்டு வரியில் சொல்லி, வேண்டாமென்றால் அனுப்பிவிடுங்கள், வேறு தருகிறோம் என்று முடித்திருந்தார். குழு இரண்டாவதையே பெரியம்மாவின் குரலென்று ஏற்று, தாளில் ஒரு வாக்கியம் கூட்டிற்று: "வருத்தம் தெரிவிப்பதற்குமுன் வழி சொல்வாள்." அடுத்த கடிதத்தில் இருவர் பதில்களும் நெருங்கிவந்தன.

இத்தாள் லேபிளோடு நிற்கவில்லை என்பதே நம் கவனத்தை மிகவும் ஈர்த்தது. குறையை முன்னால் சொல்பவள் என்று எழுதிவிட்டபின், சொல்லும் குறை சிறியதாக இருக்க வேண்டுமல்லவா? சாயம் விடும் போர்வையை வைத்துக்கொண்டு "தனியாகத் துவையுங்கள்" என்று அட்டையில் அச்சிட்டால், பட்டியல் சோதனையில் வந்த குற்றச்சாட்டைச் சங்கமே ஒப்புக்கொண்டதாகும். ஆகவே சாயமேற்றியபின் ஒட்டாமல் நிற்கும் மிகுதிச் சாயத்தைச் சோப்புநீரில் கொதிக்கவைத்து நீக்கும் வேலையைக் கருஞ்சிவப்புக்கும் கருநீலத்துக்கும் மறுமுறையும் செய்ய ஏற்பாடாயிற்று. மடிக்குமுன் ஒவ்வொரு கட்டிலும் ஒரு போர்வையை எடுத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கின்றனர். வெள்ளையில் நிறம் ஏறினால் அக்கட்டு மறுபடி பட்டறைக்குப் போகிறது. விறகும் சோப்பும் கூலியும் கூடின. கட்டு ஒன்றுக்கு ஆகும் செலவைக் காரியதரிசி கணக்கெழுதிக் குழுவின் முன் வைத்தபோது, முகஞ்சுளித்தவர்கள் உண்டு. வால்டெஸின் பழுத்த பழத்துக்கு ஆன கூலியும் இவ்வகைப்பட்டதே.

லேபிளில் அரண்மனை வாயில் இல்லை. பெரியம்மாவின் படமும் இல்லை. மார்க்கை மனிதராக எண்ணுவது வேறு, மனிதர் படத்தை ஒட்டுவது வேறு என்று அவர்கள் தெளிந்துவிட்டனர். கரையின் கோடுகளையே லேபிளிலும் இட்டு, கீழே அவள் குரலில் இரண்டு வரி மட்டும் சேர்த்துள்ளனர்.

தீராத வழக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. ஆறுமாதம் படுத்துத் துவைத்த போர்வையை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் பெரியம்மா வாங்கிக்கொள்வாளா? வாங்கிக்கொள்வாள் என்கின்றனர் இளையவர்கள். பெரியம்மா நல்லவள், ஏமாளியல்லள் என்கிறார் கூட்டத்தில் முதற் கேள்வி கேட்ட முதியவர். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அது ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை தாளில் அந்த வரி மட்டும் வெற்றிடமாக உள்ளது.